சரக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து, ஒருங்கிணைந்த கணக்கு ஃபைலை முதன்முறையாகக் கையில் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்கு விற்ற சரக்கையும், அந்தச் சரக்கில் ஒளிந்திருக்கும் லாபத்தையும் எப்படி நீக்குவது என்பது ஒன்றுதான் இங்கே பேச்சு. பாடப்புத்தகத்தில் இது இரண்டு பதிவுகளில் முடிந்துவிடும். அலுவலகத்தில் முடியாது. பதிவு போடத் தெரிந்தவர்கள்கூட, எந்தச் சரக்குக்காக அதைப் போடுகிறோம் என்று தேடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பேச வசதியாக ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. அது தாய் நிறுவனம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். அதன் பங்குகளில் 80 சதவீதம் மில்லிடம், மீதி 20 சதவீதம் வெளியாரிடம். 2024-25ஆம் ஆண்டில் மில் தன் துணை நிறுவனத்துக்கு 2 லட்சம் கிலோ நூல் விற்றது. விலை கிலோ 250 ரூபாய், மில்லுக்கு அடக்கம் 200 ரூபாய். ஆக விற்பனை 500 லட்சம், அடக்கம் 400 லட்சம், மில்லின் லாபம் 100 லட்சம். கடைசிவரை இதே கணக்கைத் தொடர்வோம்.

1. விற்பனையை முழுசாக எடுங்கள்; லாபத்தை மீதமுள்ள சரக்கின் அளவுக்கு எடுங்கள்.

இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். மில்லும் பின்னலாடை நிறுவனமும் சேர்ந்து ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆள் தனக்கே நூல் விற்றிருக்க முடியாது. எனவே 500 லட்சம் விற்பனையும் போக வேண்டும், அதற்கு எதிரான 500 லட்சம் கொள்முதலும் போக வேண்டும். மார்ச் 31 அன்று திருப்பூரில் ஒரு கிலோ நூல்கூட மீதமில்லை என்றாலும் இந்த நீக்கம் நடந்தாக வேண்டும். இல்லையென்றால் லாபம் சரியாக இருக்கும், விற்பனைத் தொகை மட்டும் 5 கோடி ஊதித் தெரியும். கடன் கொடுக்கும் வங்கி அந்தத் தொகையையும் பார்க்கும்.

லாபத்தின் கதை வேறு. நூல் பனியனாகி வெளியாருக்கு விற்றுப்போயிருந்தால், மில் காட்டிய லாபம் உண்மையிலேயே தேறிவிட்டது. அதைத் தொடக் கூடாது. நூல் இன்னும் குழுமத்துக்குள்ளேயே நின்றால், அந்த அளவுக்கு மட்டும் லாபம் தேறவில்லை. அலுவலகத்தில் ‘அன்ரியலைஸ்டு பிராஃபிட்’ என்று சொல்வது இதைத்தான். இண்ட் ஏஎஸ் 110, பழைய ஏஎஸ் 21 இரண்டுமே இதை முழுமையாக நீக்கச் சொல்கின்றன.

2. நீக்குவதற்கு முன் இரண்டு பேரேடுகளையும் ஒத்துப் பாருங்கள்.

மில்லின் பேரேட்டில் விற்பனை 500 லட்சம். திருப்பூர் பேரேட்டில் கொள்முதல் 488 லட்சம்தான். முதலில், இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி இல்லாத தொகையைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். விற்பனை, கொள்முதல் கணக்குகளில் வரி சேராது. வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கியில் வரி சேர்ந்திருக்கும். இரண்டையும் கலந்துவிட்டால் இல்லாத வித்தியாசத்தைத் தேடி நாள் போகும்.

வரியை ஒதுக்கிய பிறகும் 12 லட்சம் நிற்கிறது என்றால், மார்ச் கடைசி வார இன்வாய்ஸ்களை எடுங்கள். மார்ச் 30 தேதியிட்ட இன்வாய்ஸில் 4,800 கிலோ லாரியில் ஏறியிருக்கும். திருப்பூர் கிடங்கில் ஜிஆர்என் ஏப்ரல் 2 அன்று போட்டிருப்பார்கள். மில் விற்றுவிட்டது என்கிறது, வாங்கியவர் இன்னும் வாங்கவில்லை என்கிறார். ஆண்டு முடிந்த இரவில் அந்த நூல் யார் கணக்கிலும் இல்லாமல் சாலையில் இருந்திருக்கிறது.

இதற்கு மருந்து, ஒருங்கிணைப்புத் தாளில் திருப்பூரின் கொள்முதலிலும் இருப்பிலும் 12 லட்சத்தைச் சேர்ப்பது. கூடவே பாக்கிக் கணக்கையும் சரிசெய்வது. அதற்குப் பிறகு 500க்கு 500 நேராகும். சிலர் 12 லட்சத்தை ‘வித்தியாசம்’ என்ற பெயரில் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். சிலர் சிறிய தொகையான 488 லட்சத்தை மட்டும் நீக்குவார்கள். இரண்டிலுமே அந்த 4,800 கிலோவில் இருக்கும் 2.40 லட்சம் லாபம் நீக்கப்படாமல் குழுமக் கணக்கில் தங்கிவிடும்.

3. ரூபாயை விட்டுவிட்டுக் கிலோவைத் தேடுங்கள்.

‘மில் நூல் எவ்வளவு மீதம்?’ என்று திருப்பூர் கணக்காளரைக் கேட்டால், ஸ்டோர்ஸ் பதிவேட்டைப் பார்த்து 19,200 கிலோ என்பார். அது நூலாகவே கிடங்கில் நிற்பது மட்டும். லாரியில் இருந்த 4,800 கிலோ அதில் இல்லை. நிட்டிங்கில் ஓடும் துணி, சாயப்பட்டறைக்குப் போன துணி, தைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய பனியன் எல்லாவற்றிலும் அதே நூல் இருக்கிறது. நூல் உருமாறிவிட்டது என்பதற்காக அதற்குள் இருக்கும் லாபம் மறைந்துவிடாது. பெரும்பாலான ஃபைல்களில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

அதைக் கண்டுபிடிக்க எடை உதவும். பாதி வேலை முடிந்த துணியும் தயாரான ஆடையும் சேர்ந்து 14,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் துணியாகி ஆடையாவதற்குள் போட்ட நூலில் 10 சதவீதம் கழிவாகப் போகிறது என்று உற்பத்திப் பிரிவு சொன்னால், அந்தச் சரக்குக்காகப் போட்ட நூல் 16,000 கிலோ. வழக்கமான கழிவின் விலையும் ஆடையின் அடக்கத்தில்தான் ஏறியிருக்கும். ஆகவே 14,400 அல்ல, 16,000 கிலோவைத்தான் எடுக்க வேண்டும். வெளிச் சந்தையில் வாங்கிய நூலும் அதே துணியில் கலந்திருந்தால், லாட் பதிவேட்டை வைத்து அதைப் பிரித்துவிடுங்கள்.

இப்போது மொத்தம்: கிடங்கில் 19,200, லாரியில் 4,800, துணியிலும் ஆடையிலும் 16,000, ஆக 40,000 கிலோ. கிலோ 250 ரூபாய் வீதம் 100 லட்சம்.

பனியனின் முழு அடக்கத்தை எடுத்து அதில் லாப விகிதம் போடக் கூடாது. சாயக் கூலி, தையல் கூலி, லாரி வாடகை எல்லாம் வெளியாருக்கும் தொழிலாளருக்கும் உண்மையாகக் கொடுத்த பணம். குழுமத்தின் கண்ணிலும் அவை அடக்கம்தான். நூலின் இன்வாய்ஸ் விலைக்குள் மட்டும்தான் மில்லின் லாபம் இருக்கிறது.

4. லாப விகிதம் எதன் மேல் என்று கேளுங்கள்.

மில் மேலாளர் ‘நாங்கள் 25 சதவீதம் வைத்து விற்கிறோம்’ என்பார். 200 ரூபாய் அடக்கத்தின் மேல் 50 ரூபாய். அவர் சொல்வது சரி. நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு 100 லட்சம் இருப்பில் 25 சதவீதம் போட்டு 25 லட்சத்தை நீக்கினால் தவறு. உங்கள் கையில் இருக்கும் 100 லட்சம் விற்பனை விலை. விற்பனை விலையின் மேல் லாபம் 20 சதவீதம்தான். கிலோவில் போட்டால் இந்தக் குழப்பமே வராது: 40,000 கிலோ, கிலோவுக்கு 50 ரூபாய், 20 லட்சம்.

மில்லின் மொத்த லாப விகிதத்தை ஆண்டறிக்கையிலிருந்து எடுத்துப் போடுவதும் ஆபத்து. 30ஆம் நம்பர் நூலுக்கு ஒரு லாபம், 40ஆம் நம்பருக்கு ஒரு லாபம். வெளியாருக்கு விற்கும் விலை வேறு, துணை நிறுவனத்துக்கு விற்கும் விலை வேறு. மீதமிருக்கும் நூல் எந்த நம்பர், எந்த மாதத்து இன்வாய்ஸ் என்று பார்த்து, அதற்குரிய அடக்கத்தை மில்லின் காஸ்ட் ஷீட்டிலிருந்து எடுங்கள். அடக்கம் என்றால் இருப்பு மதிப்பில் சேர்க்கத் தகுந்த அடக்கம்: பஞ்சு, மின்சாரம், கூலி, ஆலைச் செலவு. விற்பனைச் செலவையும் தலைமை அலுவலகச் செலவையும் அதில் ஏற்றினால் லாபம் குறைவாகத் தெரியும், நீக்க வேண்டியதில் ஒரு பங்கு இருப்பிலேயே தங்கிவிடும்.

5. பதிவைப் போட்டுவிட்டு, குழுமத்தின் விடையைத் தனியாகக் கட்டிப் பாருங்கள்.

பதிவுகள் இரண்டுதான்.

விற்பனைக்குப் பற்று 500 லட்சம். விற்ற பொருளின் அடக்கத்துக்கு வரவு 500 லட்சம்.
விற்ற பொருளின் அடக்கத்துக்குப் பற்று 20 லட்சம். இருப்புக்கு வரவு 20 லட்சம்.

சரிதானா என்று அறிய இரண்டு பேரேடுகளையும் மூடிவையுங்கள். குழுமம் என்ற ஒரே ஆள் என்ன செய்தார்? கிலோ 200 ரூபாய் செலவில் 2 லட்சம் கிலோ நூல் நூற்றார். செலவு 400 லட்சம். அதில் 40,000 கிலோ கையில் இருக்கிறது. மதிப்பு 80 லட்சம். மீதி 1,60,000 கிலோ ஆடையாகி வெளியே போனது. அதன் நூல் அடக்கம் 320 லட்சம்.

இப்போது பேரேடுகளைத் திறங்கள். மில்லின் விற்ற அடக்கம் 400 லட்சம். திருப்பூரில் விற்றுப்போன ஆடைகளின் நூல், 1,60,000 கிலோ 250 ரூபாய் வீதம், 400 லட்சம். கூட்டினால் 800. முதல் பதிவில் 500 குறைகிறது, இரண்டாவதில் 20 ஏறுகிறது, 320. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் பதிவு சரி. வராவிட்டால் எங்கோ சரக்கு தொலைந்திருக்கிறது.

வெளியிடும் அறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள். திருப்பூர் நிறுவனத்துக்கு நூல் கச்சாப் பொருள். குழுமத்துக்குக் கச்சாப் பொருள் பஞ்சுதான். நூல் பாதி வழியில் நிற்கும் சரக்கு. ஆகவே கிடங்கிலும் லாரியிலும் உள்ள 24,000 கிலோவை, குழும அடக்கமான 48 லட்சத்துக்கு, இருப்புக் குறிப்பில் கச்சாப் பொருள் வரியிலிருந்து எடுத்து இடைநிலைச் சரக்கில் காட்ட வேண்டும். லாபநட்டக் கணக்கிலும் அதற்கேற்ப ‘பொருள் நுகர்வு’ வரிக்கும் ‘இருப்பு மாற்றம்’ வரிக்கும் இடையே தொகை நகரும். லாபம் மாறாது, வரிகள் மாறும்.

6. வாங்கியவர் ஏற்கெனவே மதிப்பைக் குறைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ஆடை விலை சரிந்து, போட்ட அடக்கத்துக்குக் கீழேதான் விற்கும் என்ற நிலை வந்தால், திருப்பூர் நிறுவனம் தன் இருப்பின் மதிப்பைத் தானே குறைத்திருக்கும். நூலைக் கிலோ 230 ரூபாய்க்குக் குறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதைக் கேட்காமல் வழக்கம்போல் 50 ரூபாயை நீக்கினால் இருப்பு 180 ரூபாயாகிவிடும். குழுமத்தின் உண்மையான அடக்கம் 200. இல்லாத நஷ்டம் ஒன்றை நீங்களே உண்டாக்கியதாகும். அங்கே நீக்க வேண்டியது 30 ரூபாய் மட்டும். 190க்குக் குறைத்திருந்தால் லாபம் என்று நீக்க எதுவும் மிச்சமில்லை. 200க்கும் 190க்கும் இடையிலுள்ள 10 ரூபாய் குழுமத்தின் சொந்த நஷ்டமாக நிற்கும்.

தலைகீழாகவும் நடக்கும். மில் 200 ரூபாய் அடக்க நூலை 185க்குக் கொடுத்திருந்தால், அந்த 15 ரூபாய் நஷ்டமும் தேறாததுதான். பொதுவாக அதையும் நீக்கி இருப்பை 200க்கு ஏற்ற வேண்டும். ஆனால் 200 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்ற நிலை இருந்தால் மட்டும். சந்தையே விழுந்துவிட்டதால் 185க்குக் கொடுத்தார்கள் என்றால், அந்த நஷ்டம் உண்மை. அதை அப்படியே விடுங்கள்.

7. விற்றவர் யார் என்று பார்த்து, பாரத்தை யார் தலையில் வைப்பது என்று முடிவுசெய்யுங்கள்.

நம் உதாரணத்தில் விற்றது தாய். லாபம் தாயின் கணக்கில் ஏறியது. எனவே நீக்கும் 20 லட்சமும் தாயின் பங்குதாரர்களுக்குரிய லாபத்திலிருந்தே போகும். துணை நிறுவனத்தில் 20 சதவீதம் வைத்திருக்கும் வெளியாரின் பங்கு இதனால் குறையாது. அவர்களுடைய நிறுவனம் அந்த லாபத்தைச் சம்பாதிக்கவே இல்லை.

நூற்பாலை துணை நிறுவனமாகவும் பின்னலாடை தாயாகவும் இருந்து, சரக்கு கீழிருந்து மேலே போயிருந்தால் கணக்கு மாறும். 20 லட்சம் லாபம் துணை நிறுவனத்தின் ஏட்டில் இருக்கும். வெளியாரின் பங்கைக் கணக்கிடும்போது அதில் 20 சதவீதமும் சேர்ந்திருக்கும். ஆகவே நீக்கத்தை 16 லட்சம் தாய்க்கும் 4 லட்சம் வெளிப் பங்குதாரருக்கும் பிரிப்பதே நடைமுறை.

பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்த படி. 80 சதவீதம்தானே நம்முடையது என்று இருப்பிலிருந்து 16 லட்சம் மட்டும் குறைப்பார்கள். இருப்பில் இருந்து எப்போதும் முழு 20 லட்சமும் போக வேண்டும். பிரிப்பது பாரத்தை மட்டும், நீக்கத்தை அல்ல.

8. வரியை வாங்கியவரின் விகிதத்தில் போடுங்கள்.

மில் தன் 100 லட்சம் லாபத்துக்கும் இந்த ஆண்டே வருமான வரி கட்டிவிடும். வருமான வரிச் சட்டத்துக்குக் குழுமம் என்ற ஆள் கிடையாது. ஆனால் குழும லாபத்தில் 20 லட்சத்தை நாம் குறைத்திருக்கிறோம். வரி கட்டியாயிற்று, லாபம் இன்னும் வரவில்லை.

இண்ட் ஏஎஸ் பின்பற்றும் குழுமமாக இருந்தால் இண்ட் ஏஎஸ் 12 குறுக்கே வரும். திருப்பூர் நிறுவனம் நாளை இந்த நூலை ஆடையாக விற்கும்போது, வரிக் கணக்கில் 100 லட்சத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளும். குழுமத்தின் ஏட்டில் அதன் மதிப்பு 80 லட்சம்தான். இந்த 20 லட்சம் வித்தியாசத்துக்கு டெஃபர்டு டேக்ஸ் சொத்து பதிய வேண்டும். நாளை வரியில் கழிவு பெறப்போவது திருப்பூர் என்பதால் அதன் வரி விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். இன்று வரி கட்டிய மில்லின் விகிதத்தை அல்ல. திருப்பூர் நிறுவனம் 25.17 சதவீதத் திட்டத்தில் இருந்தால் சுமார் 5.03 லட்சம். இரண்டு நிறுவனங்களும் ஒரே விகிதத்தில் இருக்கும் வரை இந்தத் தவறு வெளியே தெரியாது. விகிதம் வேறுபடும்போதுதான் தெரியும்.

பழைய ஏஎஸ் 21, ஏஎஸ் 22 வழியில் போகும் குழுமத்தில் இது கிடையாது. தனித்தனி நிறுவனங்களின் வரித் தொகைகளை அப்படியே கூட்டிக்கொள்வதுதான் அங்கே முறை. எனவே ஃபைலைத் திறந்ததும் எந்தத் தரநிலை என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

9. அடுத்த ஆண்டுக்கு இதைச் சுமந்துபோங்கள்.

ஒருங்கிணைப்புப் பதிவுகள் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. நம் தாளிலேயே பிறந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. ஏப்ரல் 1 அன்று மில்லின் சேர்ந்த லாபத்தில் அந்த 20 லட்சம் மறுபடி முழுசாக இருக்கும். திருப்பூரின் தொடக்க இருப்பில் உள்ள நூலும், லாரியில் இருந்தது நீங்கலாக, இன்வாய்ஸ் விலையிலேயே இருக்கும். எனவே போன ஆண்டின் நீக்கத்தை இந்த ஆண்டு மீண்டும் போட்டால்தான் தொடக்கம் சரியாகும்.

2025-26 முடிவில் அதே விலையில், அதே அடக்கத்தில் 56,000 கிலோ மீதம் என்று கொள்வோம். தேறாத லாபம் 28 லட்சம். போன ஆண்டின் 40,000 கிலோ முழுவதும் வெளியே விற்றாயிற்று. அப்போது முதலில் தொடக்கச் சேர்ந்த லாபத்துக்குப் பற்று 20 லட்சம், விற்ற பொருளின் அடக்கத்துக்கு வரவு 20 லட்சம். போன ஆண்டு நிறுத்திவைத்த லாபம் இந்த ஆண்டு தேறிவிட்டது என்பதே இதன் பொருள். பிறகு அடக்கத்துக்குப் பற்று 28, இருப்புக்கு வரவு 28. இந்த ஆண்டு லாபம் குறைவது 8 லட்சம் மட்டும். முதல் பதிவை மறந்தவர் லாபத்தை 28 லட்சம் குறைத்துவிடுவார். விற்றது துணை நிறுவனமாக இருந்தால், தொடக்கப் பதிவின் 20 லட்சத்தையும் 16, 4 என்று பிரிக்க வேண்டும்.

மறந்துவிட்டதைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் தயாரித்த தாளில் தொடக்கச் சேர்ந்த லாபம், போன ஆண்டு கையெழுத்தான ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பின் முடிவுத் தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். 20 லட்சம் கூடுதலாக நின்றால் பழைய நீக்கம் விட்டுப்போயிருக்கிறது. டெஃபர்டு டேக்ஸ் வித்தியாசமும் அதிலேயே வெளிப்படும்.

போன ஆண்டு எந்த 20 லட்சம் என்று தெரிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஆகவே ஃபைலை மூடும் முன் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள்: கிடங்கில், லாரியில், துணியிலும் ஆடையிலும் எத்தனை கிலோ, எந்த நம்பர் நூல், இன்வாய்ஸ் விலை, மில்லின் அடக்கம், அவை எடுத்த ஏடு, கழிவு விகிதத்தைச் சொன்னவர் யார், நீக்கிய தொகை, யார் பங்கில் எவ்வளவு, போட்ட வரி விகிதம். அடுத்த மார்ச்சில் அந்த ஃபைலை வேறொரு ஆர்ட்டிகிள் எடுப்பார். உங்களைத் தேடி வராமலே அவர் முதல் பதிவைப் போட முடிந்தால், நீங்கள் வேலையை முடித்திருக்கிறீர்கள்.